199 ரூபாய்க்கு ஆயுள் முழுக்க

“வெறும் 199 ரூபாய் மட்டுமே. 20 வீடியோ பாடங்கள். ஆயுள் முழுக்கச் சந்தேகம் கேட்கலாம்.” இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் சுற்றிவரும் ஆரி வகுப்பு விளம்பரங்களில் தொகை மாறும், பாடங்களின் எண்ணிக்கை மாறும். மூன்றாவது வாக்கியம் மட்டும் மாறுவதே இல்லை. அந்த மூன்றாவது வாக்கியத்துக்கு எதிராகத்தான் எழுதுகிறேன்.

இணையத்தில் கைவேலை சொல்லிக்கொடுக்கும் பெண்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக விலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். “ரொம்பக் குறைவாக வாங்குகிறீர்கள், ஏற்றுங்கள்” என்பார்கள். எதன் விலையை ஏற்றுவது என்று யாரும் கேட்பதில்லை. 199 ரூபாய்க்கு விற்கப்படுவது 20 வீடியோக்கள் என்று வாங்குகிறவள் நினைக்கிறாள், விற்கிறவளும் நினைக்கிறாள். உண்மையில் அந்தத் தொகைக்குக் கைமாறுவது ஒரு பெண்ணின் இரவுகள். வீடியோவுக்கு விலை போட்டுவிட்டு, அதைவிட அரிதான பொருளை இலவச இணைப்பாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த அரிதான பொருள் எது என்று சொல்ல, ஆரி வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் அதைச் சொல்லிக்கொடுப்பவள். 2020 ஊரடங்குவரை வீட்டு முன்னறையில், அதன் பிறகு திரை வழியாக.

ஆரி ஊசியின் நுனியில் சின்னக் கொக்கி இருக்கும். பிரேமில் இழுத்துக் கட்டிய துணிக்கு மேலிருந்து வலது கை ஊசியை இறக்குகிறது. துணிக்குக் கீழே இடது கை நூலைப் பிடித்துக்கொண்டு, இறங்கிய கொக்கியில் அதை மாட்டுகிறது. ஊசியை அரைச்சுற்றுத் திருப்பி மேலே எடுத்தால் நூல் ஒரு கண்ணியாக வெளியே வரும். அந்தக் கண்ணிக்குள்ளேயே அடுத்த குத்து. இதுதான் சங்கிலித் தையல். ஜரியோ, பாசியோ, கல்லோ, பிறகு வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது வலது கை. வேலையின் பாதி, அதிலும் கடினமான பாதி, துணிக்குக் கீழே நடக்கிறது. இடது கை நூலைத் தளர்வாகப் பிடித்தால் கண்ணிகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வரும். நூலைச் சரியாகச் சுற்றாவிட்டால் கொக்கி பாதி இழையை மட்டும் கவ்வி, நூல் பிரிந்துபோகும். ஊசியைத் திருப்பாமல் இழுத்தால் கொக்கி துணியையே பிடித்து, கூடாரம்போல் மேலே தூக்கும். பிடியில் இருக்கும் ஸ்க்ரூவும் கொக்கியின் வாயும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால், கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்கே தெரியாது. துணி தளர்ந்திருந்தால் இவை எல்லாமே சேர்ந்து வரும். பிரேமில் கட்டிய துணியை விரலால் தட்டினால் உடுக்கைபோல் ஓசை வர வேண்டும்.

கற்றுக்கொள்கிறவளுக்கு இவை எல்லாம் ஒரே புகாராகத்தான் தெரியும்: “அக்கா, எனக்கு ஊசி வரமாட்டேங்குது.” ஐந்து காரணங்களில் எது என்று வீடியோ சொல்லாது. வீடியோ சரியாகச் செய்வதைக் காட்டுமே தவிர, அவள் செய்வதைப் பார்க்காது. அவள் தைத்ததன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினால், பின்பக்கம் நேர்கோடாக, இறுக்கமாக இருக்கிறதா, அங்கங்கே நூல் தொங்குகிறதா என்று பார்த்து, “உன் இடது கை தளர்கிறது, நூலை ஆள்காட்டி விரல் மேல் ஒரு சுற்று சுற்றிப் பிடி” என்று ஒருத்தி சொல்ல வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தின் பின்னால் பல வருடப் பழக்கம் இருக்கிறது. இதற்குப் பெயர் திருத்தம். கைவேலை வகுப்பில் விலைமதிப்புள்ள சரக்கு இதுதான்.

இந்தச் சரக்கைத்தான் “ஆயுள் முழுக்கச் சந்தேகம் கேட்கலாம்” என்று ஒரு வரியில் தாரைவார்க்கிறோம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மதுரைப் பக்கம் என் தோழி ஒருத்தி, 199 ரூபாய்க்கு வகுப்பு நடத்தி வந்தாள். அவளுடைய ஒரு பேட்சின் நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு இருவரும் கூட்டினோம். 80 பேர் சேர்ந்திருந்தார்கள். வரவு 15,920 ரூபாய். இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 4,000. மாதிரித் துணி, நூல், பாசி, இணையக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,920. கையில் நின்றது 10,000 ரூபாய். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஒரு மாதத்தில் பத்தாயிரம்!

அடுத்தது நேரம். அதை யாரும் கூட்டியிருக்கவில்லை. 80 பேரில் 50 பேர் ஒழுங்காகப் படம் அனுப்பினார்கள். ஆளுக்குச் சராசரியாக 14 படம் என்றால் 700 படங்கள். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் வைத்தால் 58 மணி நேரம். சேருவதற்கு முன் விசாரிப்பவர்களுக்குப் பதில், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டைச் சரிபார்ப்பது, லிங்க் வரவில்லை என்பவர்களுக்கு மறுபடி அனுப்புவது எல்லாம் 20 மணி நேரம். 20 பாடங்களைப் பதிவுசெய்ய அவளுக்கு 100 மணி நேரம் ஆகியிருந்தது. 15 நிமிடப் பாடம் ஒன்றுக்கு ஐந்து மணி நேரம் என்பது மிகையல்ல: டிசைன் வரைந்து, துணியைக் கட்டி, மேலிருந்து ஒருமுறை, கீழிருக்கும் கைக்காக இன்னொருமுறை எடுத்து, குக்கர் விசிலும் பிள்ளைகளின் சத்தமும் அடங்கிய பிறகு குரல் பதிந்து, வெட்டி ஒட்ட வேண்டும். அதை ஐந்து பேட்சுக்குப் பகிர்ந்தால் இந்தப் பேட்சின் பங்கு 20 மணி நேரம். கடைசியாக, ஆயுள் முழுக்க என்று சொல்லிச் சேர்த்த பழைய பேட்ச் மாணவிகள். அவர்களுக்கு அந்த மாதம் மட்டும் 30 மணி நேரம் போயிருந்தது.

மொத்தம் 128 மணி நேரம். பத்தாயிரத்தை வகுத்தால் மணிக்கு 78 ரூபாய்.

இதே தோழி, கழுத்துக்கும் கைக்கும் எளிமையான ஆரி போட்ட ரவிக்கை ஒன்றுக்கு 1,500 ரூபாய் வாங்குகிறாள். நூல், பாசிக்கு 300 போக, பத்து மணி நேர வேலைக்கு 1,200. மணிக்கு 120 ரூபாய். அதாவது அவள் வேலை செய்தால் 120, அதே வேலையை இன்னொருத்திக்குக் கற்றுக்கொடுத்தால் 78. ஆசிரியை, தன்னிடமுள்ள தொழிலாளியைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறாள். அதுவும் ஒவ்வொரு பேட்சிலும் மோசமாகும்படி அமைந்த கணக்கு இது. பழைய மாணவிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், அவர்கள் தரும் பணம் ஏறாது. ஆயுள் முழுக்க என்ற சொல், முடிவே இல்லாத கடன் பத்திரம். கடன்பட்டவள் கற்றுக்கொடுக்கிறவள்.

இப்படி ஒரு வாக்குறுதியை ஏன் கொடுக்கிறோம்? வியாபாரம் தெரியாததால் என்று சொல்வது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. இதே தோழி நூல் வாங்கும்போது ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுவாள். அவளுக்கு வியாபாரம் நன்றாகவே தெரியும். தன் நேரத்துக்கு விலை உண்டு என்பதை மட்டும்தான் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சமையலுக்குக் கூலி இல்லை, பிள்ளைக்குப் பாடம் சொன்னால் கூலி இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கோலம் சொல்லிக்கொடுத்தால் கூலி கேட்பதே அநாகரிகம். சொல்லித் தருவது ஒரு வேலை என்றே எண்ணாமல் வளர்க்கப்பட்டவள், இணையத்துக்கு வந்ததும் வீடியோவுக்கு மட்டும் விலை போடுகிறாள். ஏனென்றால் வீடியோ ஒரு பொருள், எடுத்துக் காட்டலாம். திருத்தம் என்பது அவளுடைய குணமாகப் பார்க்கப்படுகிறது. “அக்கா பொறுமையாச் சொல்லித் தருவாங்க” என்பது பாராட்டு. அந்தப் பொறுமை எத்தனை மணி நேரம் என்று பாராட்டுகிறவர் எண்ணுவதில்லை.

“அக்கா” என்ற சொல்லையும் கவனியுங்கள். அந்த அழைப்பில் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் கணினி வகுப்பு எடுக்கும் ஆண் “சார்” ஆகிறார். அவரிடம் வகுப்பு நேரத்துக்குள் கேட்கிறார்கள். அக்காவிடம் இரவு பத்தரைக்குக் கேட்கலாம். அவள் பதில் போடாவிட்டால், “காசு வாங்கும்போது நல்லா பேசினீங்க” என்று மறுநாள் குழுவில் எழுதலாம். உறவுப் பெயர் கட்டணத்தை அழிக்கிறது, நேர எல்லையையும் சேர்த்து அழிக்கிறது.

ஆகவே என் வாதம் விலையை ஏற்றுங்கள் என்பதல்ல. விலையை இரண்டாகப் பிரியுங்கள் என்பது. பதிவுக்கு ஒரு விலை, திருத்தத்துக்கு ஒரு விலை.

பதிவு என்பது ஒருமுறை செய்த வேலை. பத்துப் பேர் பார்த்தாலும் நூறு பேர் பார்த்தாலும் நம் நேரம் கூடுவதில்லை. அதனால் அது மலிவாக இருக்கலாம். திருத்தம் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் செய்யும் வேலை. ஆள் கூடக்கூட நேரம் கூடும். அதற்கு எண்ணிக்கை வேண்டும், கெடு வேண்டும், நேரம் குறிக்க வேண்டும். எத்தனை படம், எத்தனை நாள், எந்த மணிக்கு என்ற மூன்றும் கட்டண அறிவிப்பிலேயே எழுதப்பட வேண்டும்.

திருத்தத்தின் விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? ரவிக்கை வேலையின் 120 ரூபாயை அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் கற்றுக்கொடுப்பதைவிடத் தைப்பதே மேல். ஆனால் 120 போதாது. வகுப்பு எடுப்பவளுக்குக் கூலி வராத நேரம் நிறைய: விசாரணைக்குப் பதில், கணக்கு, பொருள் வாங்குவது, கரண்ட் போன நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாள். கூலி வரும் ஒரு மணிக்குப் பின்னால் வராத ஒரு மணி இருக்கிறது. எனவே இரண்டு பங்காக்கி, 250 ரூபாய் என்று வைத்தோம். ஒரு மாணவிக்கு 12 படம் என்றால் ஒரு மணி நேரம். வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேர நேரலையில் எல்லோருக்குமான திருத்தம், அதில் அவளுடைய பங்கையும் தனியாகப் பேசும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும். அதற்கு 700 ரூபாய். பதிவுக்கு 500. இரண்டும் வேண்டுபவளுக்கு 1,200.

தோழி அப்படியே அறிவித்தாள். பதிவு மட்டும் 500 ரூபாய், ஓராண்டு பார்க்கலாம். பதிவும் திருத்தமும் 1,200 ரூபாய். 30 நாள், 12 படம், 15 பேருக்கு மட்டும். பதில் காலை 11 முதல் 1 மணிவரை. பலர் விலகினார்கள். 80 பேர் வந்த இடத்தில் 23 பேர்தான் வந்தார்கள்: 14 பேர் பதிவுக்கு, 9 பேர் இரண்டுக்கும். வீட்டில் முகம் சுளித்தார்கள். கணக்கைப் பாருங்கள். வரவு 17,800. அதே விளம்பரச் செலவு, அதே பொருள் செலவு, இம்முறை பேமென்ட் கேட்வே பிடித்த 420 ரூபாய் எல்லாம் போக 11,460. நேரம்: படங்களுக்கு 9 மணி, நேரலைக்கு 6, விசாரணைக்கும் நிர்வாகத்துக்கும் 15, பதிவின் பங்கு 20. பழைய மாணவிகளை அவள் கைவிடவில்லை. வாரத்தில் ஒரு நாள் என்று ஒதுக்கினாள், அதற்கு 8 மணி. மொத்தம் 58 மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய 198 ரூபாய்.

இன்னும் 250-ஐத் தொடவில்லைதான். 15 இடமும் நிரம்பினால் தொடும். ஆனால் கால்பங்குக்குச் சற்றே கூடுதலான ஆட்களை வைத்து, பாதிக்கும் குறைவான நேரத்தில், முன்னைவிட அதிகமாக ஈட்டினாள். மிச்சமான 70 மணி நேரத்தில் அவள் ரவிக்கை தைக்கலாம், தூங்கலாம். அது அவள் விருப்பம்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். பெண்ணியம் பேசுகிறவர்களிடமிருந்தே வரும். “ஏழைப் பெண்கள் 199 என்றால் சேர்வார்கள், 1,200 என்றால் எங்கே போவார்கள்? நாமே கதவை மூடலாமா?” இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் 199 ரூபாய்க் குழுவில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். கணவனிடம் கேட்டு 199 கட்டிய பெண்ணும் இருந்தாள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து பொழுதுபோக்குக்காகச் சேர்ந்த பெண்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மலிவு விலை வைத்தால், வசதியுள்ளவளுக்கான சலுகையையும் சேர்த்துச் சுமப்பது சொல்லிக்கொடுக்கிற ஏழைப் பெண். உதவுவதென்றால் உதவியை உதவியாகச் செய்யலாம். 15 இடத்தில் இரண்டு இடம் கட்டணமில்லை, கேட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிடலாம். அப்போது அது நாம் எண்ணிக் கொடுத்த கொடை. 199 என்பது நம்மிடமிருந்து எண்ணாமல் எடுக்கப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. 199 ரூபாய்க்குக் கற்றவள் அடுத்த மாதம் 149 ரூபாய்க்கு வகுப்பு தொடங்குகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வகுப்பின் விலை இதுதான் என்று நாம்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தோம். மலிவு விலை ஏழைப் பெண்ணைத் தொழிலுக்குள் கூட்டிவருகிறது என்பது பாதி உண்மை. அவள் உள்ளே வரும்போது தொழிலில் கூலியே மிச்சமிருக்காது என்பது மறுபாதி.

தளத்தைத் தேர்ந்தெடுப்பதும் இந்தப் பிரிவினையிலிருந்தே வர வேண்டும். எது பிரபலம் என்று கேட்பதைவிட மூன்று கேள்வி கேட்கலாம். விலையை யார் வைக்கிறார்கள்? மாணவிகளின் பட்டியல் யார் கையில் இருக்கிறது? என் நேரத்தின் வாசல் பூட்டக்கூடியதா?

யூடியூபில் விலையே கிடையாது. விளம்பர வருமானம் பெறவே 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறும்படங்கள் என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. அதன் பிறகு நீளமான வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் நமக்கு. ஆரி போன்ற சிறிய வட்டத்தில் அதை நம்பி அடுப்பெரிய முடியாது. யூடியூப் நம் வீட்டுத் திண்ணை. போகிற வருகிறவர்கள் நம் கையைப் பார்க்கட்டும் என்று இரண்டு மூன்று முழுப் பாடங்களை அங்கே இலவசமாக வைக்கலாம். அதுவே விளம்பரச் செலவைக் குறைக்கும்.

யூடெமி போன்ற பாடச் சந்தைகளில் விலை நம் கையில் நிற்காது. நம் சொந்த லிங்க் வழியாக வந்து வாங்கினால் 97 சதவீதம் நமக்கு. சந்தையே கூட்டிவந்தவர் வாங்கினால் 37 சதவீதம். அங்கே தள்ளுபடி என்பது திருவிழா அல்ல, அன்றாடம். பதிவை மட்டும் விற்க அது ஒரு வழி. திருத்தத்தை அங்கே விற்க முடியாது. வாங்கியவர்களின் தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ நமக்குக் கிடைக்காது என்பதால், அடுத்த வகுப்பை அறிவிக்கவும் அவர்கள் அனுமதிக்கும் வழியில்தான் போக வேண்டும்.

நம் பெயரிலேயே செயலி செய்து தருகிறோம் என்று ஆண்டுக் கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் அழைப்பார்கள். பேச்சு இனிமையாக இருக்கும். அந்தக் கட்டணத்தை, சென்ற ஆண்டு உண்மையில் பணம் கட்டிய மாணவிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 100 ரூபாய்க்கு மேல் போனால், அந்தச் செயலி உங்களுக்காக இயங்கவில்லை, அதற்காக நீங்கள் இயங்குகிறீர்கள்.

எஞ்சுவது, பெரும்பாலான பெண்கள் ஏற்கெனவே இருக்கும் இடம்: வாட்ஸ்அப். தளத்துக்குக் கட்டணம் இல்லை, பட்டியல் நம் கையில். ஆனால் வாசலுக்குப் பூட்டு இல்லை. சாதாரணக் குழுவில் சேர்ந்த ஒவ்வொருத்தியின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். பெண் பெயரில் பணம் கட்டிச் சேர்ந்த ஆண் ஒருவன் குழுவிலுள்ள பெண்களுக்கு இரவில் தனித்தனியாகச் செய்தி அனுப்பிய கதை, இந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் வரும். அதன்பின் அந்தப் பெண்களின் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். கைபேசி பறிக்கப்படும், வகுப்பு முடிந்துபோகும். ஆகவே குழுவை அப்படியே திறந்து வைக்காதீர்கள். வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை. அறிவிப்புக்கு அதை வையுங்கள். திருத்தப் படங்கள் உங்களுக்குத் தனியாக வரட்டும். வகுப்புக்கென்று தனி சிம், வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு, அதில் வேலை நேரத்துக்கு வெளியே தானாகப் போகும் பதில். “பதில் காலை 11 முதல் 1 மணிவரை” என்று நீங்கள் சொல்வதைவிட, அந்தத் தானியங்கிப் பதில் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது: அதனிடம் யாரும் அக்கா என்று கெஞ்ச முடியாது.

பதிவுகளை எங்கே வைப்பது? யூடியூபில் பட்டியலிடாத வீடியோவாகப் போட்டால், லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம். கூகுள் டிரைவில் மின்னஞ்சல் முகவரி வாரியாக அனுமதி கொடுத்து, பதிவிறக்கத்தைத் தடுக்கலாம். டெலிகிராமில் சேமிக்கவும் முன்னனுப்பவும் தடை வைக்கலாம். எதுவும் முழுப் பூட்டல்ல. இன்னொரு கைபேசியைத் திரைக்கு முன் வைத்துப் படமெடுப்பதை யாரும் தடுக்க முடியாது. உங்கள் 20 பாடத்தையும் ஒருத்தி 49 ரூபாய்க்கு விற்பாள். நீங்களே எடுத்த வீடியோவின் பதிப்புரிமை, 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுத்த கணமே உங்களுடையது. பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. அது யூடியூபில் வந்தால் அங்குள்ள பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில் எழுதி நீக்கச் சொல்லலாம். ஆனால் தையலுக்கு யாரும் உரிமை கோர முடியாது. இந்த ஊசி பல தலைமுறை கைவினைஞர்களின் கையிலிருந்து நமக்கு வந்தது. திருட முடியாதது ஒன்றே ஒன்று, உங்கள் திருத்தம். 49 ரூபாய்க்கு விற்பவளால் பின்பக்கப் படத்தைப் பார்த்து எந்த விரல் தளர்கிறது என்று சொல்ல முடியாது. பதிவை மலிவாகவும் திருத்தத்தை விலையோடும் வைக்க இதுவும் ஒரு காரணம்.

இதைச் சொல்லும்போது, உங்கள் பாடத்தை வேறொருவர் காசு கொடுத்துப் படமெடுத்தால் நிலைமை மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். பயிற்சி மையம் ஒன்று என் தோழியர் சிலரை அழைத்து, நாளுக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பாடங்களைப் பதிந்துகொண்டது. பல வருடமாக அவற்றை விற்கிறது. அவர்களுக்கு அதன்பின் ஒரு ரூபாய் இல்லை. வேறு ஒப்பந்தம் எழுதப்படாதபோது, பணம் கொடுத்துப் படமெடுக்கச் செய்தவரே படத்தின் முதல் உரிமையாளர் என்பது சட்டத்தின் போக்கு. எத்தனை ஆண்டு விற்கலாம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் எனக்கு எவ்வளவு என்ற இரண்டு வரி எழுத்தில் இல்லாமல் கேமரா முன் உட்காராதீர்கள்.

தளத்தைப் பற்றிய பேச்சில் யாரும் சேர்க்காத ஒரு கேள்வி இருக்கிறது. பணம் யாருடைய கணக்கில் விழுகிறது? எத்தனை வகுப்பு விளம்பரங்களில் பெண்ணின் முகமும், கீழே ஆணின் பெயரில் ஜிபே எண்ணும் இருக்கின்றன என்று பாருங்கள். “அவருக்குத்தான் அதெல்லாம் தெரியும்” என்பார்கள். 20 பாடங்களைப் படமெடுத்து வெட்டி ஒட்டியவளுக்கு ஒரு வங்கிக் கணக்கை யுபிஐயில் இணைக்கத் தெரியாது என்று நம்ப நான் தயாரில்லை. தன் பெயரில் கணக்கு இருந்தால்தான் ஆண்டு முடிவில் எவ்வளவு வந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தால்தான் நேரத்தால் வகுக்க முடியும். யூடெமியும் யூடியூபும் எடுக்கும் சதவீதத்தைக் கணக்கிடும் நாம், வீட்டில் நூறு சதவீதமும் எடுக்கப்படும்போது மட்டும் பேசாமல் இருக்கக் கூடாது.

கற்றுக்கொள்ளும் மாணவிகளுக்கும் ஒரு சொல். வகுப்பில் சேருமுன் துணிக்குக் கீழே இருக்கும் கையைக் காட்டும் பாடம் ஒன்றை மாதிரிக்குக் கேளுங்கள். காட்டாத வகுப்பு 99 ரூபாய்க்கும் வீண். என் தையலை யார் பார்ப்பார்கள், எத்தனை முறை, எந்த நேரத்தில் என்று கேளுங்கள். “எப்போ வேணா கேளுங்க” என்ற பதிலைக் கண்டு மயங்காதீர்கள். 80 பேருக்கு எப்போது வேண்டுமானாலும் பதில் சொல்லும் பெண் யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல மாட்டாள், சொல்லவும் முடியாது. மணி குறித்துத் தரும் திருத்தம்தான் உங்கள் கைக்கு வந்து சேரும். நாளை நீங்களும் சொல்லிக்கொடுப்பீர்கள். அன்று உங்களுக்குக் கிடைக்கப்போகும் கூலி, இன்று நீங்கள் எதற்குப் பணம் கொடுக்கச் சம்மதிக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

சொல்லிக்கொடுப்பவர்கள் செய்ய வேண்டியது முதலில் ஒரே ஒரு மாதத்துக்கு ஒரு நோட்டு போடுவது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு கோடு, மாத முடிவில் கோடுகளை எண்ணி நிமிடமாக்கி, வரவை அதால் வகுங்கள். வருகிற எண்ணை உங்கள் ரவிக்கைக் கூலியோடு ஒப்பிடுங்கள். அதன்பிறகு விளம்பரத்தின் மூன்றாவது வாக்கியத்தை நீங்களே அடித்துவிடுவீர்கள். அந்த இடத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: திருத்தம் தனிக் கட்டணம்.